பத்து வயதுக்குள் எல்லாம் முடிவாகிவிடுகிறதா?

"குற்றவியல் வகுப்பில், சுயகட்டுப்பாட்டுக் குறைவுதான் எல்லாக் குற்றத்துக்கும் அடிப்படை, அது பத்து வயதுக்குள் வளர்ப்பிலேயே தீர்மானமாகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இது நிரூபிக்கப்பட்ட விஷயமா? அப்படியானால் பிள்ளை திருடினால் தப்பு பெற்றோருடையதுதானா?"

இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் பொருந்தாது. இந்தக் கோட்பாட்டில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. சுயகட்டுப்பாடு குறைந்தவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள் என்பது ஒன்று. அந்தக் குறைவு வளர்ப்பிலிருந்து வருகிறது என்பது இரண்டாவது. சிறுவயதில் ஒருமுறை அமைந்தால் அப்புறம் பெரிதாக மாறாது என்பது மூன்றாவது. முதல் கண்ணி நல்ல உறுதியானது. மற்ற இரண்டும் அந்த அளவுக்கு உறுதியானவை அல்ல. உங்கள் இரண்டாவது கேள்வி முழுக்க அந்த மற்ற இரண்டின் மேல்தான் நிற்கிறது. நான் சட்டத்தோடு முரண்பட்ட சிறார்களைச் சந்தித்து, அவர்களுடைய குடும்பப் பின்னணி பற்றி அறிக்கை எழுதும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். புத்தகத்தில் படித்ததையும் அந்த வேலையில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

'குற்றத்தின் பொதுக் கோட்பாடு' என்ற பெயரில் இதை முன்வைத்தவர்கள் அமெரிக்கக் குற்றவியலாளர்கள் மைக்கேல் காட்ஃப்ரெட்சன், டிராவிஸ் ஹிர்ஷி இருவரும். ஆண்டு 1990. அவர்கள் தொடங்கிய இடம் குற்றவாளி அல்ல, குற்றம். பெரும்பாலான குற்றங்களைக் கிட்டே போய்ப் பார்த்தால் அவற்றில் பெரிய திட்டமோ திறமையோ இருப்பதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பொருள் இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை, எடுத்தாயிற்று. கிடைப்பது சொற்பம், அதுவும் அந்த நிமிடத்துக்கு மட்டும். இழப்பு பின்னால் வருகிறது. அப்படியென்றால் இப்படிப்பட்ட செயலில் எளிதாக விழுகிறவர் யார்? பின்னால் வரப்போவது கண்ணுக்குத் தெரியாமல், முன்னால் இருப்பது மட்டும் தெரிகிறவர். இதைத்தான் சுயகட்டுப்பாட்டுக் குறைவு என்றார்கள். சட்டென்று செயல்படுவது, கடினமான வேலையைத் தவிர்ப்பது, ஆபத்தை விரும்புவது, யோசிப்பதைவிட உடம்பால் செய்வதை நாடுவது, அடுத்தவர் வலியைப் பொருட்படுத்தாமல் இருப்பது, சீக்கிரம் கோபப்படுவது என்று ஆறு குணங்களின் சேர்க்கையாக அதை விவரித்தார்கள். இதே ஆள் திருட்டில் மட்டும் மாட்டமாட்டார் என்பதும் அவர்கள் வாதம். அளவுக்கு மீறிய குடி, சூதாட்டம், விபத்து, வேலையில் நிலைக்காமை எல்லாவற்றிலும் அவர் பெயர் வரும்.

இதில் ஒரு நுணுக்கம் வகுப்பில் அடிக்கடி விட்டுப்போகிறது. குறைந்த சுயகட்டுப்பாட்டை யாரும் பிள்ளைக்குக் கற்றுத்தருவதில்லை. எல்லாக் குழந்தையும் நினைத்தது உடனே வேண்டும் என்றுதான் தொடங்குகிறது. கட்டுப்பாடுதான் பின்னால் வளர்க்கப்படுகிறது. ஆகவே 'கெட்ட வளர்ப்பு' என்று எதையும் இந்தக் கோட்பாடு தேடவில்லை. நடக்கவேண்டிய ஒன்று நடக்கவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது.

நடக்கவேண்டியது என்ன? ஏழு வயதுப் பிள்ளை வகுப்புத் தோழனின் அழிரப்பரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில், புதிதாக ஒரு ரப்பர் இருப்பது வீட்டில் யார் கண்ணிலாவது படவேண்டும். அது கண்காணிப்பு. அடுத்து, பார்த்தவருக்கு இது தப்பு என்று தோன்றவேண்டும். 'சின்னப் பொருள்தானே, விடு' என்றால் இரண்டாம் படி அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாவதாக, அதைக் கண்டித்துத் திருத்தவேண்டும்: நாளை நீயே அவனிடம் திருப்பிக் கொடு, ஏன் எடுத்தாய் என்று சொல் என்கிற மாதிரி. இவை மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று இருக்கிறது. அந்தப் பெரியவருக்குப் பிள்ளை மேல் அக்கறை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் யார் தினமும் பையைப் பார்க்கப்போகிறார்கள்? இந்த வரிசை நூற்றுக்கணக்கான முறை, அலுக்காமல், ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்தால், பிள்ளை எட்டுப் பத்து வயதுக்குள் கையை நீட்டும் முன்பே பின்விளைவை நினைக்கப் பழகிவிடும் என்பது கோட்பாடு. தண்டனை என்று அவர்கள் சொன்னது அடி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிள்ளை யாரை மதிக்கிறதோ அவருடைய முகம் சுருங்குவதே போதுமான தண்டனை என்பது அவர்கள் நிலை. இந்தக் கோட்பாட்டைக் காட்டி 'அடித்து வளர்க்கவேண்டும்' என்று பேசுகிறவர்கள் அதைப் படிக்கவில்லை.

சரி, முதல் கண்ணிக்கு வருவோம். சுயகட்டுப்பாட்டுக்கும் குற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறதா? இருக்கிறது. இதில் சந்தேகம் கிளப்புவது கடினம். 1993இல் ஹரால்ட் கிராஸ்மிக்கும் சக ஆய்வாளர்களும் அந்த ஆறு குணங்களையும் அளக்க 24 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதைக் கொண்டும் வேறு அளவுகோல்களைக் கொண்டும் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. 2000இல் டிராவிஸ் பிராட்டும் ஃபிரான்சிஸ் கல்லனும் அதுவரை வந்த 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குற்றத்தோடு மிக உறுதியாகத் தொடர்புடைய காரணிகளில் ஒன்றாக இது தெரிந்தது. அதே தொகுப்பில் இன்னொன்றும் தெரிந்தது. சுயகட்டுப்பாட்டைக் கணக்கில் எடுத்த பிறகும் கூட்டாளிகளின் தாக்கம் போன்றவை மறையவில்லை. அதாவது இது பெரிய காரணி, ஆனால் ஒரே காரணி அல்ல. 'பொதுக் கோட்பாடு' என்ற பெயருக்கு அதுவே ஒரு அடி.

எனக்கு இதில் மிகவும் நம்பிக்கை தருவது நியூசிலாந்தின் டனீடின் நகரத்து ஆய்வு. 1972-73இல் அங்கே பிறந்த 1,037 குழந்தைகளை அவர்கள் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். 3 வயது முதல் 11 வயது வரை பெற்றோர், ஆசிரியர், ஆய்வாளர் என்று பலர் கண் வழியாகச் சுயகட்டுப்பாட்டை அளந்தார்கள். 2011இல் டெரி மோஃபிட் குழு வெளியிட்ட முடிவு இது: குழந்தையாக இருந்தபோது சுயகட்டுப்பாட்டில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் இருந்தவர்களில் 43 சதவீதம் பேர் 32 வயதுக்குள் ஏதாவது ஒரு குற்றத்துக்குத் தண்டனைத் தீர்ப்பு பெற்றிருந்தார்கள். முதல் ஐந்தில் ஒரு பங்கில் அது 13 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். கடைசிக் குழுவிலிருந்து நூறு பேரை எடுத்தால் 43 பேர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள், 57 பேர் அப்படி இல்லை. முதல் குழுவின் நூறு பேரில் 13 பேர் தண்டிக்கப்பட்டவர்கள். குழுக்களுக்கு இடையே மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இது அலட்சியப்படுத்தக்கூடிய அளவு அல்ல. ஆனால் ஒரு தனிப் பிள்ளையை எதிரே உட்காரவைத்து 'இவன் இப்படித்தான் ஆவான்' என்று சொன்னால், சொல்கிறவர் தவறுவதற்கான வாய்ப்பே அதிகம். நேர்மாறாக, தண்டிக்கப்பட்ட ஒருவரைக் காட்டி 'இவர் சின்ன வயதில் கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருப்பார்' என்று பின்னோக்கிச் சொல்வதும் உறுதியில்லை.

அந்தப் பின்னோக்கிச் சொல்லும் பழக்கம்தான் கோட்பாட்டின் மீதான மிகப் பழைய விமர்சனத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறது. 1991இல் ரொனால்ட் ஏக்கர்ஸ், இது கூறியது கூறல் என்று எழுதினார். ஏன் திருடினான்? கட்டுப்பாடு குறைவு. கட்டுப்பாடு குறைவு என்று எப்படித் தெரியும்? திருடினானே! இரண்டையும் தனித்தனியாக அளக்காதவரை இது விளக்கமே அல்ல, ஒரே விஷயத்துக்கு இரண்டு பெயர். காட்ஃப்ரெட்சனும் ஹிர்ஷியும் இதற்குச் சளைக்கவில்லை. குற்றத்தின் இயல்பிலிருந்தே குற்றவாளியின் இயல்பைத் தருக்கமாக வருவித்தோம், ஆகவே இது எங்களுக்குப் பாராட்டுதான் என்கிற தொனியில் பதில் எழுதினார்கள். அந்தப் பதில் எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை. நடைமுறையில் விமர்சனத்துக்கு விடை கொடுத்தது டனீடின் போன்ற ஆய்வுகள். அங்கே குற்றம் நடப்பதற்கு இருபது வருடம் முன்பே, மூன்று வயதுப் பிள்ளையின் பொறுமையையும் விடாமுயற்சியையும் வேறு ஆட்கள் அளந்துவிட்டார்கள். குடியையோ புகையையோ திருட்டையோ அளவுகோலுக்குள் வைத்துக்கொண்டு அதையே திருட்டின் காரணமாகக் காட்டும் ஆய்வுகளுக்கு ஏக்கர்ஸின் கேள்வி இன்னும் பொருந்தும். எந்த ஆய்வைப் படித்தாலும் முதலில் 'எதை வைத்து அளந்தார்கள்' என்று பாருங்கள்.

இந்தச் சுற்றுவாதம் ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். வயது பதினைந்து. நிறுத்தியிருந்த பைக்கை எடுத்து ஓட்டிப்போய் எரிபொருள் தீர்ந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தவன், மூன்றாவது முறையாக. எனக்கு முன் அவனைச் சந்தித்தவர் எழுதிய அறிக்கையில் 'பெற்றோர் கண்காணிப்பு போதவில்லை' என்று ஒரு வரி இருந்தது. ஆதாரம் என்ன என்று தேடினேன். அவன் இரவில் வெளியே போய்த் திருடியதுதான் ஆதாரம். வேறு ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த வீட்டுக்குப் போனேன். அவனைவிட ஒரு வயது மூத்த அண்ணன் அங்கே இருந்தான். அதே அம்மா, அதே வீட்டுச் சட்டம், அதே நேரத்துக்குச் சாப்பாடு. அவன் மேல் ஒரு புகாரும் இல்லை. அம்மாவிடம் நெடுநேரம் பேசினேன். "பெரியவனுக்கு ஒரு தடவை சொன்னால் போதும் சார். இவனுக்கு மூணு வயசிலேர்ந்தே நூறு தடவை சொல்லணும். ஒரு கட்டத்துல எனக்கு வாய் ஓய்ஞ்சுபோச்சு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டாம் கண்ணியின் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. தளர்ந்த வளர்ப்பும் கட்டுப்பாடு குறைந்த பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால், எது எதற்குக் காரணம்? வளர்ப்பு தளர்ந்ததால் பிள்ளை அப்படி ஆனதாக இருக்கலாம். பிள்ளை ஆரம்பத்திலிருந்தே அப்படி இருந்ததால் அம்மா சோர்ந்துபோயிருக்கலாம். மூன்றாவதாக, பெற்றோரின் பொறுமையின்மையும் பிள்ளையின் பொறுமையின்மையும் ஒரே மரபணுவிலிருந்து வந்திருக்கலாம். ஒரே ஒருமுறை கேள்வித்தாள் கொடுத்துக் கேட்கும் ஆய்வால் இந்த மூன்றையும் பிரிக்கவே முடியாது.

பிரிக்கும் வழிகளில் ஒன்று இரட்டையர் ஆய்வு. 2005இல் ஜான் ரைட்டும் கெவின் பீவரும் அதைச் செய்தார்கள். வழக்கமான முறையில் கணக்கிட்டபோது பெற்றோரின் வளர்ப்பு முறை பிள்ளையின் சுயகட்டுப்பாட்டைப் பாதிப்பதாகத் தெரிந்தது. இரட்டையருக்கு இடையிலான மரபணு ஒற்றுமையைக் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதிப்பு பெரிதும் வலுவிழந்து, ஒருசீராக இல்லாமல் போயிற்று. சுயகட்டுப்பாட்டில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ மரபுவழி வருவதாக இரட்டையர் ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. காட்ஃப்ரெட்சனும் ஹிர்ஷியும் மரபுவழிக்குக் கிட்டத்தட்ட இடமே தராமல் எழுதியவர்கள். இந்த இடத்தில் அவர்கள் தவறிவிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் 'எல்லாம் மரபணு, வளர்ப்பால் ஒன்றும் ஆகாது' என்று மறுபக்கம் சாய்வதும் சரியல்ல. கண்பார்வைக் குறைபாடு பெருமளவு மரபுவழி வரலாம், கண்ணாடி போட்டால் பார்வை தெளிகிறது அல்லவா? அதே போல, மரபுவழிப் பங்கு இருப்பதால் மாற்ற முடியாது என்று ஆகாது. மாற்ற முடியுமா என்பதை மாற்றிப் பார்த்துத்தான் சொல்லமுடியும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சுயகட்டுப்பாட்டுப் பயிற்சி கொடுத்த 34 ஆய்வுகளை அலெக்ஸ் பிக்கெரோ குழு 2010இல் தொகுத்தது. பிள்ளைகளின் கட்டுப்பாடு கூடியது, நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. எவ்வளவு கூடியது என்பது யார் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து மாறியது, ஆகவே அளவைப் பற்றி அடக்கமாகத்தான் பேசவேண்டும். அந்தப் பயிற்சிகளில் பலவும் பள்ளியில், வகுப்பறையில் நடந்தவை. வீட்டில் விட்டுப்போனதைப் பள்ளி ஓரளவு ஈடுசெய்யலாம் என்று கோட்பாட்டாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

வளர்ப்பைப் பற்றி இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கிறது. கோட்பாட்டின்படி பெற்றோர் கண்காணிப்பு முதலில் சுயகட்டுப்பாடாக மாறி, அதன் வழியாக மட்டும்தான் குற்றத்தைத் தடுக்கவேண்டும். ஆய்வுகளில் அப்படி வரவில்லை. கண்காணிப்பு நேரடியாகவும் வேலை செய்கிறது. யோசித்தால் இதில் வியப்பில்லை. பையனுக்குள் கட்டுப்பாடு வந்தாலும் வராவிட்டாலும், இரவு பதினோரு மணிக்கு அவன் எங்கே என்று ஒருவர் தேடும் வீட்டில் பைக் எடுக்கும் வாய்ப்பு குறைகிறது. என் அனுபவத்தில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு உதவியது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. உள்ளே மாற்றம் வரும்வரை வெளியே யாராவது பிடித்துக்கொண்டிருப்பது.

மூன்றாம் கண்ணி, பத்து வயதுக்குப் பிறகு மாறாது என்பது. இதைத் துல்லியமாகப் புரிந்துகொள்ளவேண்டும். யாரும் மாறமாட்டார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. வயது ஏறஏற எல்லோரும் அமைதியாவார்கள், குற்றம் எல்லோரிடமும் குறையும், ஆனால் வரிசை மாறாது என்றார்கள். பத்து வயதில் வகுப்பிலேயே பொறுமை குறைந்தவன் நாற்பதில் முன்பைவிட நிதானமாக இருப்பான், ஆனாலும் தன் வயதொத்தவர்களில் அவனே பொறுமை குறைந்தவனாக இருப்பான். இதைக் கார்ட்டர் ஹேயும் வால்டர் ஃபாரஸ்டும் 2006இல் சோதித்தார்கள். 7 வயதிலிருந்து 15 வயதுவரை பின்தொடர்ந்ததில் பெரும்பாலானோர் விஷயத்தில் அது சரியாகவே இருந்தது. ஆனால் ஆறில் ஒருவர் அளவுக்கு ஒரு சிறுபான்மை கணிசமாக இடம் மாறியிருந்தது. பத்து வயதுக்குப் பிறகும் வளர்ப்பின் தாக்கம் தொடர்ந்தது. ஆகவே 'பத்து வயது' என்பதை ஒரு கதவு சாத்தப்படும் வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சரிவு செங்குத்தாகும் வயது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்த இடத்தில் கடுமையான எதிர்ப்பு ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் இருவரிடமிருந்து வந்தது. பாஸ்டன் பகுதியில் குற்றம் செய்த 500 சிறுவர்கள், செய்யாத 500 சிறுவர்கள் பற்றி ஷெல்டன், எலினர் குளூக் தம்பதி பல பத்தாண்டுகளுக்கு முன் சேகரித்து வைத்த ஆவணங்களை அவர்கள் மீட்டெடுத்து ஆராய்ந்தார்கள். குற்றம் செய்த குழுவினரை எழுபது வயதுவரை தேடிப்போனார்கள். சிறுவயதில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தவர்கள் பிற்காலத்தில் வெவ்வேறு வழியில் போயிருந்தார்கள். நல்ல மணவாழ்க்கை, நிலையான வேலை, ராணுவப் பணி போன்றவை பலரைத் திருப்பியிருந்தன. கட்டுப்பாடு உள்ளவனுக்குத்தான் நல்ல மணவாழ்க்கை அமையும், ஆகவே காரணம் பழைய குணமேதான் என்பது எதிர்த்தரப்பின் பதில். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் முழு விளக்கமாக ஆகவில்லை என்பது என் கருத்து. இதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்துப் போகவில்லை.

பெருநிறுவனக் குற்றத்தைப் பற்றிச் சுருக்கமாக: வருடக்கணக்கில் பொறுமையாகக் கணக்கைத் திரித்து மேலே ஏறியவரை 'உடனடி இன்பத்துக்கு அலைபவர்' என்று விளக்குவது கடினம். அந்த வேலைக்கு வரவே பல வருடக் கட்டுப்பாடு தேவைப்பட்டிருக்கும். 'எல்லாக் குற்றத்துக்கும்' என்ற சொல் மிகத் தெளிவாக உடைவது இங்கேதான்.

அந்தப் பையன் விஷயத்துக்குத் திரும்புகிறேன். அவனிடம் பேசியபோது பைக்கைச் சாவி இல்லாமல் கிளப்பக் கற்றுக்கொடுத்தவன் அவனைவிட நான்கு வயது மூத்த ஒருவன் என்று தெரிந்தது. மூன்று முறையும் அந்த மூத்தவன் கூடவே இருந்தான். கட்டுப்பாடு குறைந்த பையன், சொல்லிக்கொடுக்க ஒரு ஆள், பூட்டாத வண்டி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கதை வேறு. நான் அறிக்கையில் 'பெற்றோர் கண்காணிப்பு போதவில்லை' என்ற வரியை எடுத்துவிட்டு, அம்மா எதையெல்லாம் செய்தார், எப்போது, எத்தனை நாள், எது பலிக்கவில்லை என்று தேதியோடு எழுதினேன். மாலையில் அவனுக்கு ஒரு மெக்கானிக் கடையில் வேலைப் பழக்கம் ஏற்பாடாயிற்று. கடைக்காரர் கண்டிப்பானவர், அதே சமயம் அவன் மேல் அக்கறை உள்ளவர். தாமதமாக வந்தால் கேட்பார், கேட்டதோடு விடமாட்டார். ஏழு வயதில் நடக்கவேண்டிய அதே மூன்று படிகள்தான், பதினைந்து வயதில், வேறொருவர் கையால். எனக்குத் தெரிந்த நான்கு வருடத்தில் அவன் பெயர் மறுபடி வரவில்லை. அது கடைக்காரராலா, வயது ஏறியதாலா, அந்த மூத்தவன் ஊரைவிட்டுப் போனதாலா என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியாது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு: பிள்ளை திருடியது என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பெற்றோர் மேல் தீர்ப்பு எழுத இந்தக் கோட்பாட்டில் இடமே இல்லை. குறிப்பிட்ட வீட்டில் அந்த மூன்று படிகள் நடந்தனவா என்று நேரில் விசாரித்து, கூடப்பிறந்தவர்களையும் பார்த்து, பிள்ளை பிறந்ததிலிருந்து எப்படி இருந்தது என்று கேட்டபிறகுதான் வளர்ப்பைப் பற்றி ஏதாவது சொல்லலாம். அப்போதும் 'இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்' என்ற அளவுக்குத்தான்.